மலைக்குள் தூங்கும் பேரரசர்: மக்கள் ஏன் ஒரு ராஜாவைச் சாகவிடுவதில்லை

கேள்வி: “ஆர்தர், பார்பரோசா என்று ஊருக்கு ஒரு ராஜா சாகாமல் குகையில் தூங்குகிறார், நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுந்து வருவார் என்கிறார்கள். இந்தக் கதைகள் எங்கிருந்து வருகின்றன? செத்துப்போன ராஜாவை மக்கள் ஏன் இப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்?”

பத்து நாட்டுக் கதைகளை மேலோட்டமாகச் சொல்வதைவிட, ஒரே கதையை அது பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து போனால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஜெர்மனியின் கிஃப்ஹாய்சர் மலைக் கதையை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஆண்டில் யார் என்ன சொன்னார்கள் என்ற எழுத்துச் சான்று இதற்கு நிறைய இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரிந்த வடிவம் இது: சிவந்த தாடிக்காரப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா மலைக்குள் கல் மேசை முன்னால் உட்கார்ந்து தூங்குகிறார், தாடி வளர்ந்துகொண்டே போகிறது. இதில் தாடி, மேசை, தூக்கம் மூன்றுமே பிற்காலச் சேர்க்கை. அவ்வளவு ஏன், முதலில் அந்த ராஜாவே வேறு ஆள்.

அந்த முதல் ஆள் பார்பரோசாவின் பேரன், இரண்டாம் பிரெடெரிக். 1194-இல் பிறந்தவர். சிசிலிக்கும் ஜெர்மனிக்கும் ராஜா, அதற்குமேல் பேரரசர். 1229-இல் போர் செய்யாமலே, எகிப்து சுல்தான் அல்-காமிலோடு பேசி ஜெருசலேமை வாங்கியவர். போப்பாண்டவரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை. இரண்டு முறை திருச்சபை அவரை விலக்கிவைத்தது. 1245-இல் லியோன் நகரில் கூடிய சபையில் போப் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியதாக அறிவித்தார். அப்படியும் அவர் அசையவில்லை.

அவருடைய காலத்தில் இத்தாலியில் ஒரு கணக்கு பரவலாகப் பேசப்பட்டது. ஃபியோரே ஊர்த் துறவி ஜோவாக்கிமின் எழுத்துகளைப் படித்தவர்கள், 1260-இல் பழைய யுகம் முடிந்து புதிய யுகம் பிறக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு முன் திருச்சபையை உலுக்கிப்போடும் ஒரு கொடியவன் வர வேண்டும். அந்த வேடத்துக்கு அவர்கள் பார்த்து வைத்திருந்தது பிரெடெரிக்கைத்தான். அப்படிப்பட்டவர் 1250 டிசம்பர் 13 அன்று தெற்கு இத்தாலியின் ஒரு மூலையில், பெரிதாக எதுவும் நடக்காமல், நோயில் செத்துப்போனார். கணக்கில் இன்னும் பத்து வருஷம் பாக்கி. சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவி தன் நாளாகமத்தில் வெளிப்படையாகவே எழுதுகிறார்: போப்பே மக்கள் முன் அறிவித்ததைத் தன் காதால் கேட்கும்வரை அந்தச் சாவை நம்ப முடியவில்லை என்று. அவர் பிரெடெரிக்கின் ரசிகர் இல்லை, எதிரி முகாம். இதைக் கவனியுங்கள்: ‘சாகவில்லை’ என்று முதலில் நினைத்தவர்களில் அவரை வெறுத்தவர்களும் உண்டு. அவருக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்ற நம்பிக்கை இரு தரப்புக்கும் பொது. ‘வாழ்கிறார், வாழவில்லை’ என்ற ஒரு வாக்கும் குறிமொழி போல ஊரெங்கும் சுற்றியது.

கொஞ்ச நாளில் சிசிலியிலிருந்து ஒரு காட்சி வந்தது. கடற்கரையில் ஜெபம் செய்துகொண்டிருந்த ஒரு துறவியின் கண்ணுக்கு ஐயாயிரம் குதிரை வீரர்கள் கடலுக்குள் இறங்குவது தெரிந்ததாம். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் வருமே, அந்த மாதிரி கடல் ‘சுர்’ரென்று சீறியது. யார் இவர்கள் என்று கேட்டதற்கு, பிரெடெரிக் எட்னாவுக்குள் போகிறார் என்று ஒருவன் பதில் சொன்னான். எட்னா எரிமலை. இதை எழுதியவருக்கு அது நரகத்தின் வாசல். ஆனால் பிரிட்டன் பழங்கதைகளின் ஆர்தர் ராஜா எட்னாவுக்குள் ஒரு மாளிகையில் இருக்கிறார், அவருடைய பழைய காயம் வருஷா வருஷம் திறந்துகொள்கிறது என்று சிசிலியில் ஏற்கெனவே ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. நரகத்துக்கு அனுப்பிய அதே மலையில், ராஜா காத்திருக்கவும் ஓர் அறை தயாராக இருந்தது.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். கதையின் உயிர்நாடி இங்கேதான். பிரெடெரிக் இறந்த பின் அங்கே ஏறக்குறைய இருபத்துமூன்று வருஷம் உருப்படியான ராஜா இல்லை. 1273-இல் ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒழுங்கைக் கொண்டுவந்தார், கூடவே வரியையும். நகரங்களின் சொத்தில் முப்பதில் ஒரு பங்கு கேட்ட வரி கடும் எரிச்சலைக் கிளப்பியது. அந்தச் சமயத்தில் கொலோன் நகரில் ஒரு கிழவர் வந்து நின்று, நான்தான் பேரரசர் பிரெடெரிக் என்றார். வரலாற்றில் அவர் பெயர் திலே கோலுப்.

கொலோன்காரர்கள் அவரைக் கேலி செய்து, சாக்கடையில் முக்கி விரட்டினார்கள். பக்கத்தில் நாய்ஸ் என்ற ஊர். அது கொலோன் பேராயரோடு பகையில் இருந்த ஊர். அங்கே அவரை உள்ளே விட்டார்கள். அவர் தர்பார் நடத்தினார். பேரரசரின் முத்திரை வைத்து உரிமைப் பத்திரங்கள் கொடுத்தார். ருடால்ஃபுக்கே, என் முன்னால் வந்து நில் என்று ஓலை அனுப்பினார். இத்தாலிய நகரங்கள் இது உண்மையா என்று பார்த்துவர ஆள் அனுப்பின. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்றால், யாத்திரை போயிருந்தேன், பாவத்துக்குப் பரிகாரம் செய்துகொண்டிருந்தேன் என்பார். வயதுக் கணக்கும் இடித்துவிடவில்லை. 1194-இல் பிறந்தவர் 1284-இல் உயிரோடிருந்தால் தொண்ணூறு வயது. தள்ளாடும் கிழவர் ஒருவர் அந்த வேடத்தில் பொருந்திப்போவார்.

கடைசியில் அவர் வெட்ஸ்லார் நகருக்குள் போய்ச் சேர்ந்தார். வரித் தகராறில் கொதித்துக்கொண்டிருந்த ஊர்களில் அதுவும் ஒன்று. ருடால்ஃப் படையோடு வந்து நின்றதும் ஊர் பயந்து ஆளை ஒப்படைத்துவிட்டது. 1285 ஜூலை 7 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள். வெறும் மோசடிக்காரனுக்குத் தூக்குப் போதும். தீ சூனியக்காரனுக்கும் சமயத் துரோகிக்கும். எலும்புகூட மிஞ்சக் கூடாது என்பதும் தீயின் நோக்கம்தான். அதுவே வினையாகப் போனது. சாம்பலில் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை, அப்படியென்றால் அவர் சாகவில்லை என்று பேச்சு கிளம்பியது. சீக்கிரமே நெதர்லாந்துப் பக்கம் இன்னொருவர் தோன்றி, வெட்ஸ்லாரில் எரிந்தவன் நான்தான், மூன்றாம் நாள் எழுந்து வந்தேன் என்றார். அவரையும் கொன்றார்கள்.

திலே கோலுப்பை நம்பியவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாய்ஸுக்குப் பேராயரோடு பிணக்கு, வெட்ஸ்லாருக்கு வரியோடு பிணக்கு. இருக்கிற ராஜாவை எதிர்த்தால் கலகம். ‘உண்மையான ராஜா’ திரும்பி வந்துவிட்டார் என்றால் அதுவே விசுவாசம். பெயரில்லாத குறைக்கு ஒரு பெயர், கூடவே ஒரு முத்திரை. முடியாட்சியைத் தவிர வேறெதையும் கண்டிராத மக்களுக்கு, ராஜாவை எதிர்க்கக் கிடைத்த ஒரே மொழி இன்னொரு ராஜாதான்.

காலம் போகப் போக ஒரு சிக்கல் வந்தது. 1348-இல் வின்டர்தூர் ஊர் யோஹான் என்ற துறவி, மக்கள் இன்னமும் இரண்டாம் பிரெடெரிக்கை எதிர்பார்க்கிறார்கள் என்று எரிச்சலோடு எழுதுகிறார். அப்போது அந்த ராஜாவுக்கு நூற்றைம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். ‘எங்கோ யாத்திரை போயிருக்கிறார்’ என்ற விளக்கம் இனி செல்லாது. அதனால் நம்பிக்கை தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது: அவரை ஆயிரம் துண்டாக வெட்டியிருந்தாலும், சாம்பலாக்கியிருந்தாலும் வருவார், அது கடவுளின் தீர்மானம். வந்து என்ன செய்வார்? ஏழைப் பெண்ணைப் பணக்காரனுக்கும் பணக்காரியை ஏழைக்கும் கட்டிவைப்பார். துறவிகளுக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் கல்யாணம் செய்துவைப்பார். அநாதைகளிடமும் விதவைகளிடமும் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பார். பாதிரிமாரைப் படுத்துகிற பாட்டில், அவர்கள் தலையின் மழித்த வட்டம் தெரியாமலிருக்க மாட்டுச் சாணியை அப்பிக்கொள்வார்கள். எல்லாம் முடித்துக் கடல் தாண்டிப்போய், ஒலிவ மலையிலோ பட்ட மரத்தடியிலோ அரசைத் துறப்பார்.

இந்தப் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன். இதில் நிஜமான இரண்டாம் பிரெடெரிக் எங்கே? அவர் ஏழைக்கும் பணக்காரனுக்கும் கல்யாணம் செய்துவைத்தவர் இல்லை. தன் சிசிலிக் குடிகளைக் கசக்கி வரி வாங்கியவர். இது 14-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஏழையின் மனு. திருச்சபை நிலம் ஊரெல்லாம் பரந்திருந்த காலத்து மனு. மனுவின் அடியில் ராஜா கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மலை இதற்குப் பிறகுதான் வருகிறது. துரிங்கியாவில், ஹார்ட்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே சின்னதாக எழும்பும் குன்றுத் தொடர் கிஃப்ஹாய்சர். மேலே பேரரசர்கள் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடந்தது. சுமார் 1420-இல் யோஹான்னஸ் ரோத்தே என்ற அவ்வூர் நாளாகமக்காரர் எழுதுகிறார்: பேரரசர் பிரெடெரிக் இன்னும் அந்த இடிந்த கோட்டையில் உலாவுகிறார், ஆட்களோடு பேசுகிறார், சில சமயம் கண்ணில் படுகிறார் என்று சனங்கள் நம்புகிறார்கள், இது பிசாசின் வேலை. பாருங்கள், இங்கே அவர் தூங்கவில்லை. நடக்கிறார். தாடியும் இல்லை, மேசையும் இல்லை.

1525 மே 15 அன்று அந்த மலையின் அடிவாரத்திலேயே, ஃபிராங்கன்ஹவுசன் ஊருக்கு வெளியே, கலகக்காரப் பாதிரியார் தாமஸ் முன்ட்ஸரோடு நின்ற விவசாயிகளைப் பிரபுக்களின் படை ஆயிரக்கணக்கில் வெட்டிப்போட்டது. ஏழையின் அவசர வேளை என்று ஒன்று உண்டென்றால் அது அன்றுதான். மலை திறக்கவில்லை. கதை அதோடு சாகவுமில்லை. 1546-இல் மனம் பேதலித்த ஒரு தையற்காரர் அந்த இடிபாட்டில் தங்கியிருந்து தன்னைப் பேரரசர் என்று சொல்ல, சுற்றுவட்டாரத்துச் சனம் பார்க்கத் திரண்டு போயிற்று. நிஜத்தில் ஒருவர் எழுந்து வருவதாகச் சொன்ன போதெல்லாம் தீ, கைது, ஏமாற்றம். கதையில் ராஜா கொஞ்சம் கொஞ்சமாக மலைக்குள் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. நடமாடும் ராஜாவைப் பிடிக்கலாம், எரிக்கலாம். தூங்குகிறவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, பேரன் எப்படித் தாத்தாவாக மாறினார்? 1519-இல் அச்சான ஒரு சின்ன மக்கள் நூல் கதையை நீண்ட சிவப்புத் தாடி வைத்த முதலாம் பிரெடெரிக்கின் பெயரில் சொன்னது. இருவருக்கும் ஒரே பெயர், குழம்புவது எளிது. தாத்தாவுக்குச் சாதகமாக இன்னொன்றும் இருந்தது. பேரனின் கல்லறை பலெர்மோ பேராலயத்தில் சிவந்த கல்பேழையாக இன்றும் கண்ணெதிரே இருக்கிறது. தாத்தாவோ சிலுவைப் போருக்குப் போகும் வழியில், 1190 ஜூன் 10 அன்று, இன்றைய துருக்கியின் தென்பகுதி ஆறு ஒன்றில் மூழ்கிப் போனார். வெயிலில் உடலைக் கொண்டுபோக முடியாமல் சதையை ஓர் ஊரில், எலும்பை வேறோர் ஊரில் என்று புதைத்தார்கள். எலும்பு எங்கே என்று இன்றுவரை தெரியாது. கல்லறை இல்லாத ராஜா கதைக்கு வசதி. அதோடு அவர் போப்புக்காகச் சிலுவை எடுத்துப் போனவர், பாதிரிமாரின் தலையில் சாணி அப்பவைக்கிற ஆள் இல்லை. பேரன் கொண்டுவந்த கோபம், தாத்தா வந்ததும் மெல்ல வடிந்துவிட்டது.

1816-இல் கிரிம் சகோதரர்கள் தங்கள் ஜெர்மானிய மரபுக்கதைத் தொகுப்பில் இதைச் சேர்த்தபோது நமக்குத் தெரிந்த உருவம் முழுமையாகிவிட்டது. மேசையை மூன்று சுற்றுத் தாடி சுற்றி வந்தால் எழுவார். இப்போதைக்கு இரண்டு சுற்று. ஓர் இடையன் உள்ளே போகிறான். ராஜா எழுந்து, மலையைச் சுற்றி இன்னும் அந்தக் காக்கைகள் பறக்கின்றனவா என்கிறார். பறக்கின்றன என்கிறான். அப்படியானால் நான் இன்னும் நூறு வருஷம் தூங்க வேண்டும் என்கிறார். எனக்கு இந்தக் காட்சியில் மிகவும் பிடித்தது அவர் கேட்பது ஒன்றுதான் என்பது. நாடு எப்படி இருக்கிறது, ராஜா யார் என்று எதுவும் கேட்பதில்லை. சாதாரண மனிதன் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்றையே கேட்கிறார்.

அடுத்த வருஷமே ரூக்கர்ட் என்ற கவிஞரின் பாட்டு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். நெப்போலியன் தோற்றுப்போன பின்னும் ஜெர்மனி துண்டு துண்டாகக் கிடந்த காலம். ஏழையின் நீதிக்குக் காத்திருந்த ராஜா இப்போது தேசத்தின் ஒற்றுமைக்குக் காத்திருந்தார். 1871-இல் பிரஷ்யாவின் முதலாம் வில்ஹெல்ம் பேரரசரானதும், செந்தாடி எழுந்துவிட்டார், வெண்தாடியாக வந்திருக்கிறார் என்றார்கள். 1896-இல் அதே மலையில் 81 மீட்டர் உயரத்துக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் பணம் திரட்டிக் கட்டியவை அந்தக் கற்கள். கீழே கல்லில் செதுக்கிய பார்பரோசா கண் விழிக்கும் நிலையில் உட்கார்ந்திருக்கிறார். மேலே குதிரைமேல் வில்ஹெல்ம். காத்திருந்தது வந்துவிட்டது என்று கல்லில் அடித்துச் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கதையில் ஏழை மனு எழுத இடமில்லை. பார்பரோசா என்ற அந்தப் பெயர் கடைசியில் போய் நின்ற இடம், 1940 டிசம்பரில் ஹிட்லர் சோவியத் நாட்டின் மேல் படையெடுக்கப் போட்ட உத்தரவு.

மற்ற நாடுகளிலும் இதே எலும்புக்கூடுதான். எங்கே உடல் கண்ணில் படவில்லையோ, எங்கே அவருக்குப் பின் வந்த ஆட்சி தாங்க முடியாததோ, அங்கே ராஜா சாகமாட்டார். இங்கிலாந்தின் தென்மேற்கே போட்மின் ஊரில் 1113-இல், ஆர்தர் செத்துவிட்டார் என்று சொன்ன பிரெஞ்சுத் துறவிகளோடு ஊர்க்காரர்கள் கைகலப்பில் இறங்கினார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் இது புரிந்திருந்தது. 1191-இல் கிளாஸ்டன்பரித் துறவிகள் ஆர்தரின் எலும்பு கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். 1278-இல், வேல்ஸ் இளவரசரை அடக்கிய மறு வருஷம், இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் நேரில் வந்து அந்த எலும்புகளை மறு அடக்கம் செய்தார். வேல்ஸ் மக்கள் எதிர்பார்த்த ராஜா செத்துப்போய்விட்டார் என்று காட்டுவதில் அவருக்கு லாபம் இருந்தது. போர்ச்சுகலின் செபாஸ்டியன் 1578-இல் மொராக்கோப் போர்க்களத்தில் காணாமல் போனார், இரண்டே வருஷத்தில் நாடு ஸ்பெயின் கைக்குப் போனது. அவர் என்று சொல்லிக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள்.

நம் புராணத்திலும் குகையில் தூங்கும் ராஜா ஒருவர் உண்டு, முசுகுந்தன். திருவாரூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஆனால் பாகவதத்தில் அவர் தேவர்களுக்காகப் போர் செய்து களைத்துத் தூக்கத்தை வரமாகக் கேட்டு வாங்கியவர். எழுப்பியவன் எரிந்து சாம்பலானான். அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. குகையும் தூக்கமும் மட்டும் இருந்தால் போதாது, வெளியே குறையோடு நிற்கும் ஒரு சனம் வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி.

அப்படி நின்ற சனத்தை நான் பார்த்திருக்கிறேன். நேதாஜி 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் விமான விபத்தில் இறந்தார் என்று செய்தி வந்தது. மலேயாவிலிருந்து அவர் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். முத்துராமலிங்கத் தேவர் சுதந்திரத்துக்குப் பிறகும் அவர் உயிரோடிருக்கிறார் என்று மேடையிலேயே பேசினார். விசாரிக்க அரசு 1956, 1970, 1999 என்று மூன்று முறை குழு போட்டது. எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் காந்தி படத்துக்கும் காமராஜர் படத்துக்கும் சந்தன மாலை தொங்கும். நடுவில் தொப்பியோடு நேதாஜி, மாலை கிடையாது. சின்ன வயதில் நான் ஒருமுறை பூச்சரத்தை அதன்மேல் போடப்போக, தாத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “போடாதேப்பா. செத்தவங்களுக்குத்தான் மாலை” என்றார். அப்புறம் ரேஷன் கடையில் அன்றைக்கு அரிசி கொடுக்காமல் திருப்பி அனுப்பியதைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.